இன்டர்வியூ அழைப்பும் அதற்குப் பின் வந்த தேதி மாற்றமும்: தமிழில் எப்படி எழுதிக் கொடுப்பது?

கரிசல்_இசேவை | 5 ஜூன் 2025, இரவு 9.12

வணக்கம். சாத்தூர் பக்கம் இ-சேவை மையம் வச்சிருக்கேன். பக்கத்துத் தெருப் பொம்பளைப் பிள்ளை ஒண்ணு எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடிச்சிட்டு, ஒரகடத்தில் இருக்கிற ஒரு தொழிற்சாலைக்கு விண்ணப்பம் போட்டிருந்துச்சு. அப்பா, அம்மா ரெண்டு பேரும் தீப்பெட்டி ஆபீஸ் வேலை. அந்த வீட்டில் இன்டர்வியூன்னு யாரும் இதுவரைக்கும் போனதில்லை.

ரெண்டு மெயில் வந்திருக்கு, ரெண்டும் ஆங்கிலம். பிள்ளைக்கு ஓரளவு புரியுது. ஆனா அனுப்புறதா வேண்டாமான்னு முடிவு பண்றது அவுக அம்மா. "தமிழில் ஒரு தாளில் எழுதிக் குடுங்க, நானே படிச்சுப் பாக்கேன்"னு சொல்லிட்டாக.

முதல் மெயிலின் சாரம்: நீங்க ஷார்ட்லிஸ்ட் ஆகியிருக்கீங்க. 12 ஜூன், வியாழன். ரிப்போர்ட்டிங் 9.30, இன்டர்வியூ 10.30. கேட் எண் 2. ஒரிஜினல் சர்டிபிகேட்டும், செல்ஃப் அட்டெஸ்டட் நகல் ஒரு செட்டும். கூட வர்றவங்களுக்கு அனுமதி இல்லை. டி.ஏ., டி.ஏ. கிடையாது.

இன்னிக்குச் சாயந்திரம் வந்த ரெண்டாவது மெயில்: இன்டர்வியூ 06/10/2025 (Tue)-க்கு ப்ரீபோன் ஆயிருக்கு. ரிப்போர்ட்டிங் 8.30. பழைய ஸ்லாட் ஸ்டேண்ட்ஸ் கேன்சல்ட். மற்ற விவரங்களில் மாற்றமில்லை. 06/06 இ.ஓ.டி.க்குள் உறுதி செய்யாவிட்டால் கேண்டிடேச்சர் வித்டிரா ஆனதாக எடுத்துக்கொள்வோம்.

நான் எழுதி வச்சது இது. சரியான்னு பாருங்க.

"தாங்கள் நேர்முகத் தேர்வுக்குத் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள் என்பதை மகிழ்வுடன் தெரிவித்துக்கொள்கிறோம். தங்களது நேர்முகத் தேர்வு 06/10/2025 அன்றைக்கு மாற்றியமைக்கப்பட்டுள்ளது. வருகை நேரம் காலை 8.30. ஏனைய விவரங்களில் மாற்றமில்லை. சான்றொப்பமிட்ட நகல்கள் கொண்டுவர வேண்டும். உடன் வருபவர்களுக்கு அனுமதி இல்லை. பயணப்படி, தினப்படி வழங்கப்பட மாட்டாது."

---

வழிப்போக்கன் | 5 ஜூன், இரவு 9.30

தேதியை மாத்தித் தரச் சொல்லிக் கேக்கணும்னா பணிவா ஒரு மெயில் போடுங்க தம்பி. "சொந்தக் காரணத்தால் அன்றைக்கு வர இயலவில்லை, வேறொரு நாள் தர முடியுமா"ன்னு கேட்டா பெரும்பாலும் தருவாங்க. என் மச்சானுக்குத் தந்தாங்க.

---

கரிசல்_இசேவை | 5 ஜூன், இரவு 9.34

அண்ணாச்சி, தேதியை மாத்துனது கம்பெனி. நாங்க எதுவும் கேக்கலை. அவங்க எழுதுனதைத் தமிழில் எழுதணும், அவ்வளவுதான்.

---

புலவர்_ஐயா | 5 ஜூன், இரவு 9.51

ஓய்வு பெற்ற தமிழாசிரியன். "நேர்முகத் தேர்வு" என்பதை விடுத்து "நேர்காணல்" என்று எழுதுங்கள். உங்கள் முதல் வரியில் "தேர்வு" இரண்டு முறை வருகிறது. படிப்பவருக்கு இரண்டாவது "தேர்வு"தான் மனத்தில் நிற்கும். "தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள்" என்றால் வேலை கிடைத்துவிட்டது என்றுதானே பொருள்?

"சான்றொப்பமிட்ட நகல்" என்பதும் தவறு. "தற்சான்றொப்பமிட்ட நகல்" என்று எழுதுக. ரிப்போர்ட்டிங் டைம் என்பதற்கு "வருகைப் பதிவு நேரம்" சரியாக இருக்கும்.

---

மேசைவிளக்கு | 5 ஜூன், இரவு 10.20

கம்பெனிகளுக்கும் அரசுத் துறைகளுக்கும் மொழிபெயர்ப்பதுதான் என் தொழில். ஐயா சொன்ன முதல் விஷயம் மிகவும் சரி. இந்த ஒரு வரியால் சில வீடுகளில் ஊர் முழுக்க இனிப்புக் கொடுத்துவிடுகிறார்கள். ஷார்ட்லிஸ்ட் என்றால், வந்த விண்ணப்பங்களில் சிலரை மட்டும் பிரித்தெடுத்து நேரில் பார்க்கக் கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். அதனால் "உங்களை நேர்காணலுக்கு அழைக்கிறோம்" என்று எழுதினால் போதும். "மகிழ்வுடன்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். ஆங்கிலக் கடிதத்தில் அது வெறும் மரியாதைக்கு வருவது. தமிழில் அதுவே நல்ல செய்தி வந்துவிட்டதாகக் காட்டும்.

ஆனால் "தற்சான்றொப்பம்" என்பதை அந்த அம்மா படித்தால் என்ன செய்வார்? "ஒப்பம்" என்று பார்த்ததும் பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரி யாரென்று தேடிக் கிளம்பிவிடுவார். இருப்பதோ சில நாள். அதில் ஒரு நாள் இதிலேயே போய்விடும். "ஒவ்வொரு நகலிலும் உங்கள் மகளே கையெழுத்துப் போட்டால் போதும், வேறு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை" என்று செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. 06/10/2025 என்பதை அப்படியே இறக்கி வைத்திருக்கிறீர்கள். தமிழில் படிக்கிறவர் அதை அக்டோபர் 6 என்றுதான் படிப்பார். மெயிலில் தேதிக்குப் பக்கத்தில் Tue என்று இருந்ததாகச் சொன்னீர்கள். உங்கள் தமிழில் அந்தக் கிழமையைக் காணோம்.

---

கரிசல்_இசேவை | 5 ஜூன், இரவு 10.31

அக்கா, நானும் அக்டோபர்னுதான் நெனச்சேன். நாலு மாசம் இருக்கு, மெதுவா பாத்துக்கலாம்னு அவுகளுக்கும் வாயால சொல்லி வச்சிட்டேன். ஜூன் 10-ஆ இருக்குமா? அப்படின்னா இன்னும் அஞ்சு நாள்தான்.

---

மேசைவிளக்கு | 5 ஜூன், இரவு 10.44

காலண்டரை எடுத்துப் பாருங்கள். 2025 அக்டோபர் 6 திங்கள்கிழமை. ஜூன் 10 செவ்வாய். மெயிலில் செவ்வாய் என்று போட்டிருக்கிறது. ஆகவே மாதம் முன்னால், நாள் பின்னால் என்று அமெரிக்க வரிசையில் எழுதியிருக்கிறார்கள். ப்ரீபோன் என்ற சொல்லும் அதையே காட்டுகிறது. ஜூன் 12-இல் இருந்ததை முன்கூட்டியே வைத்தால் அக்டோபருக்கு எப்படிப் போகும்? உறுதி செய்யக் கடைசி நாள் 06/06 என்பதில் எப்படிப் படித்தாலும் ஜூன் 6 தான், அதாவது நாளை.

மூன்றும் ஒரே பக்கம் காட்டுகின்றன. இருந்தாலும் இது நம் ஊகம்தான். கம்பெனியின் வாயால் வரவேண்டும். மெயிலோடு ஏதாவது இணைப்பு வந்திருக்கிறதா?

---

ஷிப்ட்_பி | 5 ஜூன், இரவு 10.58

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் எச்.ஆர். இந்த மாதிரி மெயில்களை அனுப்புற ஆள். தேதி ஏன் அப்படி வருதுன்னு சொல்றேன். முதல் மெயிலைப் பெரும்பாலும் கையால டைப் பண்ணுவோம், அதனால "12 ஜூன்"னு மாதப் பேரோட இருக்கும். மாற்ற மெயிலை ஆள்சேர்ப்பு சாஃப்ட்வேர் தானா அனுப்பும். அதில் ரீஜன் அமெரிக்கான்னு இருந்தா தேதி இப்படித்தான் விழும். நாங்க ஒவ்வொண்ணாத் திறந்து பாக்குறதில்லை, உண்மையைச் சொல்லணும்ல.

இ.ஓ.டி.ன்னா ராத்திரி 12 மணி இல்லை. எங்க ஆபீஸ்ல அஞ்சரை மணி. அதுக்கப்புறம் லிஸ்ட் செக்யூரிட்டிக்குப் போயிடும். லிஸ்ட்ல பேர் இல்லாத பிள்ளைக்குக் கேட்ல பாஸ் போட மாட்டாங்க. அதனால நாளைக்குக் காலையிலேயே பதில் போடச் சொல்லுங்க. தேதியை எழுத்தாலயும் கிழமையோடயும் எழுதணும்: "ஜூன் 10, செவ்வாய், காலை 8.30-க்கு கேட் 2-இல் இருப்பேன், சரிதானா என்று தெரிவிக்கவும்". ஆங்கிலத்தில் எழுத வரலைன்னா தமிழிலேயே எழுதட்டும். எங்களுக்குப் படிக்கத் தெரியும்.

---

சிங்கைக்_குருவி | 5 ஜூன், இரவு 11.26

தேதியாவது பரவாயில்லை. எனக்கு நேரமே காலை வாரிவிட்டது. முதல் வேலைக்கு மதுரையிலிருந்து ஆன்லைன் இன்டர்வியூ. சிங்கப்பூர் கம்பெனி. மெயிலில் காலை 10.00 என்று மட்டும் இருந்தது. அண்ணன் தமிழில் எனக்கு எடுத்துச் சொன்னபோதும் "காலை பத்து மணி" என்றுதான் சொன்னார். பத்துக்கு உட்கார்ந்து பார்த்தால் அறையில் யாரும் இல்லை. அங்கே 10 என்றால் நமக்குக் காலை 7.30. அவர்கள் காத்திருந்து போய்விட்டார்கள். மறுபடி கேட்டும் வேறு நேரம் தரவில்லை. அதனால் தம்பி, நேரம் எந்த ஊர் நேரம் என்று கட்டாயம் கேளுங்கள்.

---

கரிசல்_இசேவை | 5 ஜூன், இரவு 11.35

இது நேரில் போற இன்டர்வியூ அண்ணே. ஒரகடம் நேரம்தான். உங்களுக்கு நடந்தது கஷ்டம்.

மேசைவிளக்கு அக்கா, மெயிலில் invite.ics-ன்னு ஒரு ஃபைல் இருக்கு. ஏதோ வைரஸ்னு தொடாம விட்டிருந்தேன்.

---

சிங்கைக்_குருவி | 5 ஜூன், இரவு 11.49

அது காலண்டர் ஃபைல். போனில் திறந்தால் உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றியே காட்டும். பயமாக இருந்தால் நோட்பேடில் திறந்து பாருங்கள், உள்ளே வெறும் எழுத்துதான். DTSTART என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். இப்படி இருக்கும்:

```
DTSTART;TZID=Asia/Kolkata:20250610T083000
```

ஆண்டு, மாதம், நாள் எப்போதும் இந்த வரிசையில்தான் வரும். இதில் அமெரிக்கா, இந்தியா குழப்பமே கிடையாது. T-க்குப் பிறகு வருவது மணி. வரியின் கடைசியில் Z என்று இருந்தால் மட்டும் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். எனக்கு வந்த மெயிலிலும் இந்த ஃபைல் இருந்தது. திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

---

கரிசல்_இசேவை | 5 ஜூன், இரவு 11.57

திறந்துட்டேன். நீங்க போட்ட வரி அப்படியே இருக்கு, 20250610T083000. ஜூன் 10, எட்டரை மணி. நாளைக்கு விடிஞ்சதும் அவுக வீட்டுக்குப் போயிடுறேன்.

---

மேசைவிளக்கு | 6 ஜூன், காலை 6.15

போகும்போது வாயால் சொல்வதிலும் கவனம். "ரெண்டு நாள் முன்னாடி தள்ளிட்டாங்க" என்று சொல்லிவிடாதீர்கள். "தள்ளிட்டாங்க" என்பதைக் கேட்டால் யாருக்கும் பின்னால் போனதாகத்தான் படும். "முன்னாடி" என்பது அதில் அமுங்கிப்போகும். எழுதும்போது "மாற்றியமைக்கப்பட்டுள்ளது" என்பதும் இப்படித்தான், முன்னா பின்னா என்று சொல்லாது. நான் திசையைக் காட்டும் சொல்லையே நம்புவதில்லை. பழைய நாள் இது, இனி இல்லை. புதிய நாள் இது. இரண்டையும் கிழமையோடு வைத்துவிட்டால் வேறு விளக்கம் தேவையில்லை.

அடுத்து "ஏனைய விவரங்களில் மாற்றமில்லை". உங்கள் வரைவில் பெரிய ஓட்டை இதுதான். இரண்டு மெயிலையும் சேர்த்து வைத்துப் படிக்கிறவருக்குத்தான் இந்த வரி பயன்படும். உங்கள் தாளில் கேட் எண்ணே இல்லை. இன்டர்வியூ 10.30 என்பதும் இல்லை. எதில் மாற்றமில்லை என்று அந்த அம்மா யாரிடம் கேட்பார்? கம்பெனி இரண்டாவது மெயிலில் மிச்சப்படுத்திய வரிகளை நீங்கள் முதல் மெயிலிலிருந்து எடுத்து நிரப்ப வேண்டும். இரண்டு கடிதத்துக்கும் சேர்த்து ஒரே தாள். முதல் மெயிலைத் தனியாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் பழைய தேதி உள்ள தாளும் வீட்டில் கிடக்கும். கிளம்பும் அவசரத்தில் எது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது.

இன்டர்வியூ நேரம் பற்றி: முதல் மெயிலில் ரிப்போர்ட்டிங் 9.30, இன்டர்வியூ 10.30. இரண்டாவதில் ரிப்போர்ட்டிங் மட்டும் 8.30. எழுத்துப்படி பார்த்தால் இன்டர்வியூ இன்னும் 10.30 தான். நடைமுறையில் அதுவும் முன்னால் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஷிப்ட்_பி சொல்லட்டும்.

---

ஷிப்ட்_பி | 6 ஜூன், காலை 7.40

ஆமா, 9.30 ஆயிருக்கும், எழுத மறந்திருப்பாங்க. ஆனா நீங்க அதைத் திருத்தி எழுதிட வேண்டாம். 8.30-ன்னு ஒரே நேரத்தை எழுதுங்க. அந்த நேரத்துக்கு கேட்ல நின்னா போதும். ஐயா "வருகைப் பதிவு நேரம்"னு சொன்னார். அந்தப் பிள்ளை கேட்ல நிக்கும்போது செக்யூரிட்டி "ரிப்போர்ட்டிங் எத்தனை மணிக்கு?"ன்னுதான் கேப்பார். அந்தச் சொல்லும் தாளில் இருக்கட்டும், காதுல விழும்போது பழக்கமா இருக்கும்.

8.30-ன்னா கேட்டுக்கு வெளிய நிக்கிற நேரம். பாஸ் போட, பையைச் சோதிக்க, போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டன்னு நேரம் போகும். முழுசா மூடின ஷூ இல்லைன்னா சில கம்பெனில உற்பத்திப் பகுதிக்குள்ள விட மாட்டாங்க. மெயில்ல இல்லாட்டியும் செருப்போட வர வேண்டாம்னு சொல்லிடுங்க.

---

புலவர்_ஐயா | 6 ஜூன், காலை 8.05

மெயிலில் இல்லாததை மொழிபெயர்ப்பில் சேர்ப்பது முறையன்று. ஷூ பற்றி மூலத்தில் ஒரு சொல்லும் இல்லையே. இன்று ஷூ சேர்ப்பீர்கள், நாளை வேறொருவர் சம்பளத்தைச் சேர்ப்பார்.

---

மேசைவிளக்கு | 6 ஜூன், காலை 8.32

ஐயா சொல்வதில் நியாயம் உண்டு. நான் செய்வது இது. கடிதம் முடிந்ததும் குறுக்கே ஒரு கோடு போட்டு, "கீழே உள்ளது கம்பெனி எழுதியதல்ல, எழுதிக் கொடுத்தவர் சொல்வது" என்று எழுதிவிடுவேன். ஷூ, எந்த நேரத்துக்குக் கிளம்புவது எல்லாம் கோட்டுக்குக் கீழே. கம்பெனி பொறுப்பு எது, நம் யோசனை எது என்று அந்த அம்மாவுக்குத் தெரியும்.

"உடன் வருபவர்களுக்கு அனுமதி இல்லை" என்ற வரிக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தில் அந்த வீட்டுக்கு மிக முக்கியமான வரி இதுதான் என்று எனக்குப் படுகிறது. மகளை இதுவரை தனியாக எங்கும் அனுப்பியிருக்க மாட்டார். இப்படிப் படித்தால் அவர் புரிந்துகொள்வது, "நீ வரக்கூடாது, பெண்ணைத் தனியாக அனுப்பு" என்பது. அங்கேயே கதவைச் சாத்திவிடுவார். ஆங்கிலத்தில் சரியாக என்ன எழுதியிருக்கிறது?

---

கரிசல்_இசேவை | 6 ஜூன், காலை 8.50

பாத்துட்டேன் அக்கா. "பியாண்ட் த மெயின் கேட்"னு இருக்கு. மெயின் கேட்டைத் தாண்டி உள்ள விட மாட்டாங்க, அவ்வளவுதான். நான் அந்த வாலை விட்டுட்டேன்.

காலையில அவுக வீட்டுக்குப் போனேன். அம்மா இதைத்தான் முதல்ல கேட்டாக, "நான் கூடப் போகலாமா?" கேட் வரைக்கும் போலாம்னதும் மூஞ்சி மாறிப்போச்சு. பிள்ளை என் கம்ப்யூட்டர்லயே உக்காந்து பதில் மெயில் போட்டுருச்சு, தேதி, கிழமை எல்லாம் எழுத்தால. இன்னும் கம்பெனிகிட்ட இருந்து பதில் வரலை.

இப்ப திருத்தி எழுதுனது:

"உங்களை நேர்காணலுக்கு (இன்டர்வியூ) அழைக்கிறோம்.

வர வேண்டிய நாள்: 10 ஜூன் 2025, செவ்வாய்க்கிழமை. காலை 8.30 மணிக்குக் கேட் எண் 2-இல் இருக்க வேண்டும் (ரிப்போர்ட்டிங் நேரம்).

முதலில் சொன்ன 12 ஜூன், வியாழக்கிழமை ரத்தாகிவிட்டது. அன்று வர வேண்டாம்.

நீங்கள் வருவதை 6 ஜூன், வெள்ளிக்கிழமை அலுவலக நேரம் முடிவதற்குள் மெயிலில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் உங்களுக்கு விருப்பம் இல்லை என்று எடுத்துக்கொள்வோம்.

சான்றிதழ்களின் ஒரிஜினலும், அவற்றின் ஜெராக்ஸ் ஒரு செட்டும் கொண்டு வரவும். ஒவ்வொரு ஜெராக்ஸ் தாளிலும் நீங்களே கையெழுத்துப் போட வேண்டும்.

உங்களோடு வருபவர்கள் மெயின் கேட்டுக்கு உள்ளே வர முடியாது.

போக்குவரத்துச் செலவு, சாப்பாட்டுச் செலவு எதையும் கம்பெனி தராது."

கோட்டுக்குக் கீழ: "இது இன்டர்வியூ அழைப்பு மட்டும். வேலை உத்தரவு இல்லை. ஷூ போட்டுப் போகவும்."

---

மேசைவிளக்கு | 6 ஜூன், காலை 9.25

நன்றாக வந்திருக்கிறது. கொஞ்சம் செதுக்கலாம். "விருப்பம் இல்லை என்று எடுத்துக்கொள்வோம்" என்பது மூலத்தைவிட மென்மையாக இருக்கிறது. அவர்கள் சொல்வது விண்ணப்பத்தையே நீங்கள் திரும்பப் பெற்றதாக எடுத்துக்கொள்வோம் என்பது. அதன்பின் வேறு நாள் கேட்க முடியாது என்ற கனம் அதில் இருக்கிறது. "உங்கள் விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றதாகக் கருதுவோம்" என்று எழுதுங்கள். எளிமையாக்கும்போது மிரட்டலைக் குறைத்துவிடுவது எனக்கும் வருகிற ஆசைதான். ஆனால் இந்த இடத்தில் அந்த மிரட்டல் படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

கடைசி வரியில் அந்த டி.ஏ., டி.ஏ. என்பதைச் செலவாக எழுதியது சரி. பயணப்படி, தினப்படி என்பதெல்லாம் ஏற்கனவே சம்பளம் வாங்குகிறவர்களின் சொற்கள்.

"ஒரிஜினல் கொண்டு வரவும்" என்றால் கொடுத்துவிட்டு வர வேண்டுமோ என்று பயப்படுவார்கள். பார்த்துவிட்டுக் கையோடு திருப்பித் தருவது வழக்கம். கோட்டுக்குக் கீழே அதையும் ஒரு வரி போடுங்கள்.

---

ஷிப்ட்_பி | 6 ஜூன், காலை 10.02

ஒரிஜினலை யாராவது "வச்சுட்டுப் போ"ன்னு சொன்னா குடுக்க வேண்டாம். பாத்து டிக் அடிச்சுத் தந்துடணும். பணம் கட்டச் சொன்னாலும், யூனிஃபார்ம் டெபாசிட்னு சொன்னாலும் அந்த இடத்தை விட்டு வந்துடலாம்.

ஒண்ணு கேக்கணும். "வேலை உத்தரவு இல்லை"ங்கிற வரியைக் கோட்டுக்கு மேலயே போட்டா என்ன? நான் எங்க கம்பெனில தமிழ்லயும் அனுப்பலாம்னு பேசிட்டிருக்கேன். கேட்ல வந்து "என்னைக்கு ஜாயின் பண்ணணும்?"னு கேக்குற அப்பா அம்மாவை நிறைய பாத்துட்டேன்.

---

மேசைவிளக்கு | 6 ஜூன், காலை 10.40

நீங்கள் அனுப்பினால் மேலேயே போடலாம், அது உங்கள் கடிதம். கரிசல் தம்பி எழுதும்போது மேலே வைக்க முடியாது, அது வேறொருவர் கடிதம்.

கம்பெனியே தமிழில் அனுப்பும்போது, சட்டத்துறை அடியில் ஒரு வரி சேர்க்கச் சொல்லும்: முரண்பாடு இருந்தால் ஆங்கிலமே செல்லும் என்று. அந்த வரி இருக்கிற கடிதத்தில் தமிழில் தேதி தவறாக இருந்தால் நஷ்டம் படித்தவருக்குத்தான். அதனால் தேதியையும் நேரத்தையும் மொழிபெயர்ப்பவர் கையால் மறுபடி டைப் பண்ண விடாதீர்கள். இரண்டு மொழிக் கடிதத்துக்கும் ஒரே இடத்திலிருந்து வரட்டும், மாதத்தின் பெயரோடு.

---

புலவர்_ஐயா | 6 ஜூன், முற்பகல் 11.15

தமிழ்நாட்டில் இயங்கும் ஆலை, தமிழ்ப் பிள்ளைக்கு எழுதும் கடிதத்தில் ஆங்கிலமே செல்லும் என்பதா? இதை நான் ஏற்கமாட்டேன்.

---

ஷிப்ட்_பி | 6 ஜூன், முற்பகல் 11.28

ஐயா, உங்க கோபம் புரியுது. ஆனா அந்த வரி இல்லாம எங்க லீகல்ல கையெழுத்துப் போட மாட்டாங்க. நானும் கேட்டுப் பாத்துட்டேன்.

---

வழிப்போக்கன் | 6 ஜூன், மதியம் 1.10

முதலில் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன், விடுங்க. வழி சொல்றேன். திங்கட்கிழமை சாயந்திரமே பஸ் ஏறிடணும். கிளாம்பாக்கம் வரைக்கும் போயிட்டுத் திரும்ப வர வேண்டாம். அதுக்கு முன்னாடியே சிங்கப்பெருமாள் கோயில்ல இறங்கினா ஒரகடத்துக்கு நேரா ரோடு. ஆனா எல்லா பஸ்ஸும் விடியக்காலையில அங்க நிக்காது. ஏறும்போதே கண்டக்டர்கிட்ட கேட்டுக்கச் சொல்லுங்க.

---

கரிசல்_இசேவை | 6 ஜூன், மாலை 4.35

கம்பெனி பதில் வந்துருச்சு. ஒரே வரி: "கன்ஃபர்ம்டு, 10 ஜூன், கேட் 2". தேதியை இந்தத் தடவை எழுத்தால எழுதியிருக்காங்க, பிள்ளை எழுதுனதைப் பாத்துட்டுன்னு நெனக்கேன். பழைய வரைவைக் கிழிச்சிட்டு, திருத்துன தாளைப் பிரிண்ட் எடுத்து, கம்பெனி பதிலையும் அதோட பின் பண்ணிக் குடுத்துட்டேன். அம்மாவும் கூடப் போறாக.

இன்னொரு சந்தேகம். பிள்ளையோட கூடப் படிச்ச பையனுக்கும் அதே கம்பெனி மெயில். அதில் "டென்டேட்டிவ்லி 10 ஜூன்"னு இருக்கு. இதை எப்படி எழுத? "தற்காலிகமாக"ன்னு போட்டா தற்காலிக வேலைன்னு எடுத்துக்குவாங்களோ?

---

மேசைவிளக்கு | 6 ஜூன், மாலை 5.05

எடுத்துக்கொள்வார்கள், அதைப் போடாதீர்கள். "10 ஜூன், செவ்வாய்க்கிழமை என்று இப்போதைக்கு வைத்திருக்கிறோம், நாள் இன்னும் உறுதியாகவில்லை" என்று எழுதுங்கள். ஆங்கில மெயிலில் எப்போது உறுதி செய்வோம் என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அவரே கேட்டு மெயில் போடட்டும். பதில் வரும் வரை பஸ்ஸுக்கு டிக்கெட் போட வேண்டாம் என்று கோட்டுக்குக் கீழே எழுதுங்கள்.

---

ஷிப்ட்_பி | 6 ஜூன், மாலை 5.20

மெயில் மட்டும் போட்டுட்டு உக்காந்திருக்க வேண்டாம். இன்னிக்கு வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு லீவு விட்டிருந்தா திங்கட்கிழமைதான் பாப்பாங்க. அன்னிக்குச் சாயந்திரம் பஸ் ஏறணுமே. மெயிலுக்கு அடியில் போன் நம்பர் இருந்தா இப்பவே கூப்பிட்டுக் கேக்கச் சொல்லுங்க, இன்னும் பத்து நிமிஷம் சீட்ல இருப்பாங்க.